ரெண்டு ஆபீஸும் 192.168.1.0/24, விபிஎன் டனல் ஏறிடுச்சு, ஆனா அந்தப் பக்கம் போக முடியல

திலகா_நெட்
வணக்கம். எங்ககிட்ட ரெண்டு ஆபீஸ், ரெண்டும் 192.168.1.0/24 தான், யாரோ எப்பவோ ரவுட்டர்ல வந்தபடியே விட்டுட்டாங்க. முதல் ஆபீஸ்ல லினக்ஸ் கேட்வே (192.168.1.1), அதுக்கு பப்ளிக் ஐபி இருக்கு. ரெண்டாவதுல லைன் குடுத்தவங்க வெச்ச ரவுட்டர் தான் 192.168.1.1, அதுக்குப் பின்னாடி 192.168.1.2ல ஒரு சின்ன லினக்ஸ் பாக்ஸ் வெச்சிருக்கேன். வயர்கார்ட் போட்டாச்சு, ரெண்டாவது பக்கத்துல இருந்து PersistentKeepalive 25 குடுத்து, ஹேண்ட்ஷேக் நல்லா வருது.

வேணுங்கிறது இதான்: முதல் ஆபீஸ் ஆளுங்க ரெண்டாவது ஆபீஸ்ல இருக்கிற அக்கவுண்ட்ஸ் சர்வருக்கு (192.168.1.20, விண்டோஸ்) போகணும், அங்க ஒரு பிரிண்டரும் இருக்கு. ஆனா முதல் ஆபீஸ்லயும் 192.168.1.20 இருக்கு, அது அட்டெண்டன்ஸ் மெஷின். பிரவுசர்ல அடிச்சா கைரேகை மெஷினோட லாகின் பக்கம் தான் திறக்குது. AllowedIPsல 192.168.1.0/24 போட்டுப் பார்த்தேன், wg-quick இதைச் சொல்லிட்டு டனலையே இறக்கிடுது:

```
RTNETLINK answers: File exists
```

எந்த ரூட் சேர்த்தா சரியாகும்?

சிவா_கேபிள்
ஒரு ஆபீஸோட ஐபிய மாத்துங்க. வேற பேச்சே இல்ல.

திலகா_நெட்
மாத்த முடிஞ்சா கேட்டிருக்கவே மாட்டேன் சார். சிசிடிவி, அட்டெண்டன்ஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாம் வேற வேற ஆளுங்க வந்து ஐபிய கையால போட்டுட்டு போனது. பாதிப் பெட்டிக்குப் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னே தெரியல.

மணி_டெக்
File exists வந்ததுக்கு சந்தோஷப்படுங்க, அது உங்களைக் காப்பாத்திச்சு. என் பாக்ஸ்ல நெட்வொர்க்மேனேஜர் லேன் ரூட்டுக்கு metric 100 போட்டு வெச்சிருந்துச்சு, wg-quick போட்ட ரூட்டுக்கு மெட்ரிக் கிடையாது, அதனால தகராறு இல்லாம உள்ள போயி ஜெயிச்சிடுச்சு, லேன் மொத்தமும் டனலுக்குள்ள போயிடுச்சு, எஸ்எஸ்ஹெச்சும் போச்சு, மானிட்டர் தூக்கிட்டு ஓடினேன்.

உங்க கேஸுக்கு /32 ரூட் போடுங்க, சுலபம். சர்வருக்கு மட்டும் 192.168.1.20/32 dev wg0ன்னு. /24ஐ விட /32 குறிப்பானது, அது தான் ஜெயிக்கும். அட்டெண்டன்ஸ் மெஷினை மட்டும் .21க்கு மாத்திடுங்க.

பழைய_ரவுட்டர்
மணி சொல்றது பாதி தூரம் வரைக்கும் சரி. கேட்வேல /32 போட்டா கேட்வே ஒழுங்கா டனலுக்கு அனுப்பும், ஆனா திலகாவோட பிசியில இருந்து பாக்கெட் கேட்வேக்கு வரவே வராதே. பிசியோட ஐபி 192.168.1.50, போக வேண்டியது 192.168.1.20, மாஸ்க் /24, அது என்ன நினைக்கும்? இவன் நம்ம தெருக்காரன் தான்னு நினைச்சு நேரா ஏஆர்பி கேட்கும், கேட்வேகிட்ட குடுக்கவே குடுக்காது. அதனால தான் "எந்த ரூட்"ங்கிற கேள்விக்கே இங்க பதில் கிடையாது, ரூட் பார்க்கிற கட்டத்துக்கே அது போறதில்ல.

சரி, கேட்வேல ப்ராக்ஸி ஏஆர்பி போட்டு ஏமாத்திடலாம்னு வெச்சுக்குவோம். பாக்கெட் அந்தப் பக்கம் போய்ச் சேரும். அங்க சர்வர் பார்க்கும், அனுப்பினது 192.168.1.50, அதுவும் அவனுக்கு நம்ம தெருக்காரன் தான். பதிலை டனல் பக்கம் விடாது, அங்கேயே ஐம்பதைத் தேடும். .2 பாக்ஸ்ல tcpdump போட்டு உக்காந்தா இது கண்ணாலயே தெரியும்:

```
ARP, Request who-has 192.168.1.50 tell 192.168.1.20, length 46
```

இந்த வரி வந்துச்சுன்னா போற பாதை சரி, திரும்பி வர்ற பாதை தான் செத்துப் போச்சுன்னு அர்த்தம். இதைவிட மோசம், அங்கேயும் ஒரு .50 நிஜமாவே இருந்தா பதில் அவன்கிட்ட போயிடும், இந்த ஏஆர்பி வரி வந்து நின்னுடும், ஒண்ணும் புரியாது.

அதனால ரெண்டு பக்க முகவரியும் மாறணும். போற இடமும் வேற நம்பரா தெரியணும், அனுப்பினவனும் வேற நம்பரா தெரியணும். நிஜத்துல யாரோட ஐபியும் மாத்தத் தேவையில்ல, டனலுக்குள்ள மட்டும் வேஷம் போட்டா போதும். முதல் ஆபீஸ் மத்தவங்களுக்கு 10.50.1.0/24 மாதிரி தெரியட்டும், ரெண்டாவது 10.50.2.0/24. கடைசி நம்பர் அப்படியே இருக்கும், 192.168.1.20ங்கிறது 10.50.2.20 ஆகும், அதனால யாருக்கும் மனப்பாடம் பண்றதுல கஷ்டமில்ல. ஐபிடேபிள்ஸ்ல இதுக்குன்னே NETMAP இருக்கு. முதல் ஆபீஸ் கேட்வேல:

```
iptables -t nat -I POSTROUTING 1 -s 192.168.1.0/24 -o wg0 -j NETMAP --to 10.50.1.0/24
iptables -t nat -I PREROUTING 1 -i wg0 -d 10.50.1.0/24 -j NETMAP --to 192.168.1.0/24
```

ரெண்டாவது ஆபீஸ் .2 பாக்ஸ்ல இதே ரெண்டு வரி, 10.50.1க்கு பதிலா 10.50.2. AllowedIPsல இங்க 10.50.2.0/24, அங்க 10.50.1.0/24. நிஜ ரேஞ்ச் 192.168.1.0 அந்த இடத்துல வரவே கூடாது, உங்க File exists அதனால தான் வந்தது.

ஒண்ணு கவனிக்கணும், முதல் ஆபீஸ் ஆளுங்க இனிமே 10.50.2.20ன்னு தான் அடிக்கணும். பழைய நம்பரை அடிச்சா ஆயுசுக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் தான்.

புதுசா_வந்தவன்
அண்ணா எனக்கும் இதே பிரச்சனை தான்! வீட்ல 192.168.1.x, ஆபீஸும் 192.168.1.x, லேப்டாப்ல விபிஎன் போட்டா ஆபீஸ் ஷேர் திறக்கல, வீட்டு பிரிண்டர் தான் வருது. நானும் என் லேப்டாப்ல இந்த NETMAP போடணுமா? லேப்டாப் விண்டோஸ்.

பழைய_ரவுட்டர்
தம்பி உங்களுது வேற கதை. உங்க பக்கம் ஒரே ஒரு லேப்டாப், அதுக்கு டனல்ல தனி ஐபி ஏற்கனவே கிடைச்சிருக்கும், அதனால அனுப்பினவன் யாருங்கிற குழப்பம் வராது, போற இடம் மட்டும் தான் இடிக்குது. மணி சொன்ன /32 உங்களுக்குக் கச்சிதமாப் பொருந்தும், ஏன்னா ரூட் லேப்டாப்லயே உக்காரும். அந்த ஒரு சர்வர் ஐபிய AllowedIPsல /32ஆ குடுங்க, வீட்டு பிரிண்டருக்கும் அதே நம்பர்னா அதை மட்டும் மாத்திக்கோங்க. இல்ல வீட்டு ரவுட்டர்ல ரேஞ்சையே மாத்திடுங்க, உங்க வீட்ல யார் தடுக்கப் போறாங்க.

திலகா_நெட்
அண்ணே, போட்டேன். முதல்ல ஒண்ணுமே நடக்கல, பிங் அடிச்சுக்கிட்டே இருந்தேன், ரூல் மாத்தினாலும் ஒரு அசைவும் இல்ல. அப்புறம் பிங்கை நிறுத்திட்டு சாப்பிட்டு வந்து மறுபடி அடிச்சா சர்வர்ல இருந்து பதில் வருது! என்ன மாயம் இது?

அடுத்த பிரச்சனை, பிங் வருது ஆனா அக்கவுண்ட்ஸ் பக்கம் https://10.50.2.20 திறக்கல, சுத்திக்கிட்டே இருந்து நேரம் முடிஞ்சிடுது. பதில் திரும்பி வரணும்னு லைன்காரங்க ரவுட்டர்ல 10.50.1.0/24 போகணும்னா 192.168.1.2 கிட்ட குடுன்னு ஸ்டாடிக் ரூட் போட்டிருக்கேன்.

மணி_டெக்
பிங் போகுது வெப் போகலைன்னா கண்ணை மூடிக்கிட்டு எம்டியூ. வயர்கார்ட் 1420, லேன் 1500. எம்எஸ்எஸ் கிளாம்ப் போடுங்க, ஓடும்.

பழைய_ரவுட்டர்
எம்டியூவா இருந்தா கனெக்ஷன் முதல்ல பிடிக்கும், பெரிய பாக்கெட் வர்றப்ப தான் தொங்கும். கனெக்ஷன் பிடிக்குதான்னே இன்னும் நமக்குத் தெரியாது. திலகா, .2 பாக்ஸ்ல லேன் பக்கம் இதை ஓட விட்டு பிரவுசரைத் திறந்து, வர்றதை இங்க போடும்மா:

```
tcpdump -ni eth0 host 192.168.1.20 and port 443
```

மாயம் இல்ல, அது கான்ட்ராக். நேட் டேபிளை ஒரு கனெக்ஷனோட முதல் பாக்கெட்டுக்கு மட்டும் தான் கெர்னல் பார்க்கும், அதுல என்ன முடிவாச்சோ அதையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்கும். நிறுத்தாம ஓடுற பிங் எல்லாம் ஒரே கனெக்ஷன் கணக்கு, அதனால புது ரூல் அதுக்கு ஒட்டவே ஒட்டாது. இனிமே ரூல் மாத்தினா `conntrack -D -d 10.50.2.20` அடிச்சுட்டு சோதிங்க. ரூல் சரியா இருந்தும் இது தெரியாம அதை அழிச்சு அழிச்சு எழுதினவங்க ஏராளம்.

திலகா_நெட்
இந்தாங்க அண்ணே, இது மட்டும் தான் திரும்பத் திரும்ப வருது:

```
IP 10.50.1.50.51514 > 192.168.1.20.443: Flags [S]
IP 10.50.1.50.51514 > 192.168.1.20.443: Flags [S]
IP 10.50.1.50.51514 > 192.168.1.20.443: Flags [S]
```

பழைய_ரவுட்டர்
அப்போ எம்டியூ இல்ல. வெறும் S மட்டும் மறுபடி மறுபடி போகுது, `S.`, அதாவது சின்-ஆக், ஒண்ணு கூட திரும்பி வரல, ரெண்டுமே சுண்டைக்காய் சைஸ் பாக்கெட், எம்டியூல சிக்கவே சிக்காது.

ஒரு நல்ல விஷயமும் இதுலயே தெரியுது, இடது பக்கம் 10.50.1.50, வலது பக்கம் 192.168.1.20. ரெண்டு வேஷமும் ஒழுங்கா நடக்குது. நேட் வேலை முடிஞ்சது, அதைத் தொடாதீங்க.

இப்ப பாக்கெட் கூடவே நடந்து பாருங்க. .2 பாக்ஸ் சின் பாக்கெட்டை சர்வர்கிட்ட நேரா குடுக்குது, ரெண்டும் ஒரே ஸ்விட்ச்ல தான் இருக்கு, நடுவுல ரவுட்டர் இல்ல. சர்வர் பதில் போடுது, 10.50.1.50ங்கிறது அதுக்குத் தெரியாத ஊர், அதனால டிஃபால்ட் கேட்வே 192.168.1.1 கிட்ட குடுக்குது. அந்த ரவுட்டர் பார்க்குது, "சின்னே வரல, சின்-ஆக் எங்க இருந்து வந்துச்சு?"ன்னு தூக்கிக் கடாசிடுது. நீங்க போட்ட ஸ்டாடிக் ரூட் சரி தான், ஆனா ரவுட்டரோட ஃபயர்வால் பாதிப் பேச்சை மட்டும் கேட்குது, அதனால நம்பல. பிங் விஷயத்துல சில ரவுட்டர் இவ்வளவு கறாரா இருக்காது, அதான் அது மட்டும் தப்பிச்சு வந்துச்சு.

தீர்வு சர்வர்லயே இருக்கு. அட்மின் கமாண்ட் ப்ராம்ட் திறந்து:

```
route -p add 10.50.1.0 mask 255.255.255.0 192.168.1.2
```

இனிமே சர்வர் ரவுட்டரைக் கேட்காம நேரா .2கிட்டயே பதிலைக் குடுக்கும். -p போட்டிருக்கிறதால ரீஸ்டார்ட் ஆனாலும் போகாது.

சிவா_கேபிள்
பிரிண்டர்ல எப்படி ரூட் போடுவீங்க? நான் சொன்ன மாதிரி ஐபிய மாத்தியிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்.

பழைய_ரவுட்டர்
சிவா சார், ஐபி மாத்தியிருந்தாலும் இந்த ரவுட்டர் தகராறு அப்படியே இருந்திருக்கும். விபிஎன் பாக்ஸ் டிஃபால்ட் கேட்வேயா இல்லாம பக்கத்துல உக்காந்திருக்கிற எல்லா இடத்துலயும் இது வரும், நம்பர் மோதலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

பிரிண்டர் மாதிரி ரூட் போட முடியாத பெட்டிகளுக்கு .2 பாக்ஸ்ல மாஸ்கரேட். பிரிண்டர் .30ன்னு வெச்சுக்குவோம்:

```
iptables -t nat -A POSTROUTING -s 10.50.1.0/24 -d 192.168.1.30 -o eth0 -j MASQUERADE
```

பிரிண்டருக்கு எல்லாரும் 192.168.1.2ஆ தெரிவாங்க, உள்ளூர் ஆள்னு நினைச்சு பதில் குடுத்திடும். சர்வருக்கும் இதையே போட்டுடலாம்னு தோணும், போடாதீங்க, அப்புறம் அக்கவுண்ட்ஸ் லாக்ல முதல் ஆபீஸ்காரங்க எல்லாருமே ஒரே ஐபியா வருவாங்க, யார் எந்த என்ட்ரியைத் தொட்டாங்கன்னு பின்னாடி கேட்டா கையைப் பிசையணும்.

திலகா_நெட்
ரூட் போட்டதும் பக்கம் திறந்துடுச்சு! பிரிண்டரும் அடிக்குது. ஆனா சர்வர்ல ஷேர் ஃபோல்டர் மட்டும் திறக்கல, \\10.50.2.20 அடிச்சா எரர். அந்த ஆபீஸ்லயே இருந்து \\192.168.1.20 அடிச்சா திறக்குது.

நித்யா_விண்டோஸ்
இது என் ஏரியா. விண்டோஸ் ஃபயர்வால்ல ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ரூல்களைத் திறந்து ஸ்கோப் டேப் பாருங்க, ப்ரைவேட் ப்ரொஃபைல்ல ரிமோட் அட்ரஸ் "Local subnet"ன்னு இருக்கும். 10.50.1.x அதுக்கு வெளியாள். எஸ்எம்பி-இன் ரூல்ல 10.50.1.0/24ஐயும் சேர்த்துடுங்க. தயவு செஞ்சு ஃபயர்வாலையே ஆஃப் பண்ணாதீங்க, அடுத்த ஆள் வந்து அதைத் தான் சொல்லப் போறாங்க.

அப்படியே ஒண்ணு, பிரவுசர்ல சர்டிபிகேட் எச்சரிக்கை வருதா? சர்டிபிகேட் 192.168.1.20ங்கிற ஐபிக்கோ சர்வர் பேருக்கோ குடுத்திருப்பாங்க, நீங்க 10.50.2.20ன்னு போறீங்க. பேருக்குக் குடுத்ததுன்னா பேர் வெச்சுக் கூப்பிட்டா இது தீரும், ஆனா பேர் வெச்சா டிஎன்எஸ் நிஜ ஐபிய சொல்லிடுமே?

திலகா_நெட்
ஷேர் திறந்துடுச்சு அக்கா, நன்றி. ஆமா, எச்சரிக்கை வருது. டிஎன்எஸ்ஸுக்கு முதல் ஆபீஸ்ல டிஎன்எஸ்மாஸ்க் தான் ஓடுது.

பழைய_ரவுட்டர்
நித்யா சொன்னது முக்கியம். சர்வர் பேரை முதல் ஆபீஸ்ல கேட்டா 10.50.2.20ன்னு வரணும், ரெண்டாவது ஆபீஸ்ல கேட்டா 192.168.1.20ன்னு வரணும். ஒரே ஒரு சர்வர் தானே, முதல் ஆபீஸ் டிஎன்எஸ்மாஸ்க்ல ஒரு வரி கையால எழுதிடுங்க:

```
address=/accounts.office.internal/10.50.2.20
```

நிறைய பேர் இருந்தா அந்தப் பக்க டிஎன்எஸ்ஸுக்கே கேள்வியை அனுப்பி, வர்ற பதில்ல ஐபிய மட்டும் மாத்துற `alias=192.168.1.0,10.50.2.0,255.255.255.0` இருக்கு. ஆனா அது மேல இருந்து வர்ற எல்லாப் பதிலையும் மாத்தும், எந்த டொமைன்னு பிரிச்சுப் பார்க்காது. உங்க உள்ளூர் பேர்களும் வேற டிஎன்எஸ் வழியா தான் வருதுன்னா அட்டெண்டன்ஸ் மெஷினும் 10.50.2.20 ஆகிடும், பார்த்துக்கோங்க.

குரல்_அழைப்பு
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நாங்களும் இதே மாதிரி NETMAP போட்டு ரெண்டு ஆபீஸ் இணைச்சோம், கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுது, ஐபி போன் மட்டும் மணி அடிக்குது, எடுத்தா ஒரு பக்கக் குரல் தான் கேட்குது. இதுக்கு வழி இருக்கா?

பழைய_ரவுட்டர்
சிப் போன் தன்னோட ஐபிய பாக்கெட் தலைப்புல மட்டும் இல்லாம உள்ள கடிதத்துலயும் எழுதி வெக்கும், "குரலை 192.168.1.77க்கு அனுப்பு"ன்னு. NETMAP தலைப்பை மட்டும் மாத்தும், உள்ள இருக்கிறது அப்படியே போகும், எதிர்ப்பக்கம் தன் ஆபீஸ்லயே 77ஐத் தேடும். குரல் ரெண்டு போனுக்கு நடுவுல நேரா போகாம எக்ஸ்சேஞ்ச் வழியாவே போற மாதிரி வெச்சு, எக்ஸ்சேஞ்ச்ல அந்தப் பக்கத்துக்கு வேஷ ஐபியச் சொல்ல வெக்கணும். லினக்ஸ்ல சிப் ஹெல்பர் இருக்கு, அது சில போனுக்கு உதவுது, சில போனுக்கு இருக்கிறதையும் கெடுக்குது. என்னைக் கேட்டா போன்களை மட்டும் தனி ரேஞ்சுக்கு மாத்திடுறது நிம்மதி, போனெல்லாம் டிஹெச்சிபியில தானே எடுக்குது.

நித்யா_விண்டோஸ்
ஆக்டிவ் டைரக்டரியும் இந்த லிஸ்ட்ல தான். டொமைன் கன்ட்ரோலர் தன் நிஜ ஐபிய தானே டிஎன்எஸ்ல பதிஞ்சுக்கும், ரெண்டு ஆபீஸ்லயும் ஒவ்வொண்ணு வெச்சு இந்த நேட் வழியா ரெப்ளிகேஷன் பண்ண நினைக்காதீங்க. ஃபைல் ஷேர், வெப், ரிமோட் டெஸ்க்டாப் வரைக்கும் கவலை இல்ல.

சிவா_கேபிள்
பார்த்தீங்களா, போன் போகாது, டொமைன் போகாது, சர்வர்ல ரூட், பிரிண்டருக்கு ஒரு ரூல், டிஎன்எஸ்ல ஒரு வரி. இவர் வேலையை விட்டுப் போயிட்டா அடுத்து வர்றவர் 10.50.2.20ன்னு ஒரு மெஷினையே ஆபீஸ் முழுக்கத் தேடுவார். ஆர்எஃப்சி 1918ன்னு 1996ல வந்த ஆவணத்துலயே, பின்னாடி ரெண்டு நெட்வொர்க் சேர்ந்தா இடிக்கும், அதனால ப்ரைவேட் ரேஞ்ச்ல குத்துமதிப்பா ஒண்ணை எடுங்கன்னு எழுதியிருக்கு. யார் படிச்சா.

பழைய_ரவுட்டர்
அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல சார். ஆனா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சர்வர் திறக்கணும்னா நேட், நிதானமா சரி பண்ணணும்னா ரெண்டாவது ஆபீஸை மாத்தணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பகை இல்ல. ரெண்டாவது ஆபீஸ்ல 10.50.12.0/24ன்னு ஒரு புது ரேஞ்சை அதே ஒயர்ல பழசு கூடவே ஓட விட்டு, ஒவ்வொரு பெட்டியா நகர்த்திட்டே போகலாம். 10.50.2.0ஐயே நிஜ ரேஞ்சா ஆக்கிடாதீங்க, NETMAP இருக்கிற வரைக்கும் அந்த நம்பருக்கு வர்றதெல்லாம் 192.168.1க்குத் திரும்பிடும்.

மணி_டெக்
ஒரே ஒயர்ல ரெண்டு ரேஞ்சா? டிஹெச்சிபி யாருக்கு எதைக் குடுக்கும்? லைன்காரங்க ரவுட்டர்ல அதெல்லாம் பிரிக்க வராது. எனக்கு இது சரியாப் படல, விஎல்ஏஎன் போட்டுப் பிரிக்கணும்.

பழைய_ரவுட்டர்
டிஹெச்சிபிய ரவுட்டர்ல அணைச்சுட்டு .2 பாக்ஸுக்குக் கொண்டு வந்துடலாம், அதுல ஆப்ஷன் 121 குடுத்து 10.50.1.0/24 ரூட்டையும் எல்லா பிசிக்கும் தள்ளிடலாம். ஒண்ணே ஒண்ணு, 121 குடுத்தா கிளையண்ட் வழக்கமான கேட்வே ஆப்ஷனைப் பார்க்கக் கூடாதுங்கிறது விதி, அதனால டிஃபால்ட் ரூட்டையும் 121 உள்ளேயே சேர்த்துக் குடுக்கணும், விட்டா அந்த பிசிக்கெல்லாம் இன்டர்நெட் போயிடும். விஎல்ஏஎன் அழகு தான், அவங்க ஸ்விட்ச் அதைப் பண்ணுமான்னு திலகா தான் சொல்லணும்.

திலகா_நெட்
ஸ்விட்ச்ல எந்த லாகினும் இல்ல அண்ணே, வெறும் பெட்டி. இப்போதைக்கு நேட்லயே ஓடட்டும். iptables-save எடுத்து ரீஸ்டார்ட்லயும் வர்ற மாதிரி வெச்சுட்டேன், ரெண்டு பாக்ஸ்லயும் எது எதுக்குன்னு ஒரு ஃபைல் எழுதி வெச்சிருக்கேன், சிவா சார் சொன்ன அடுத்த ஆளுக்காக. ஒண்ணு மட்டும் கேக்கணும், மூணாவதா ஒரு கிளை வரப் போகுதாம், அங்கேயும் 192.168.1.0 தானாம். 10.50.3.0ன்னு போட்டா போதுமா, இல்ல அதைச் சேர்க்கிறதுக்கு முன்னாடியே அங்க மாத்த வெச்சுடணுமா?

சிவா_கேபிள்
மாத்த வெக்கணும். அங்க இன்னும் யாரும் கேமரா மாட்டலைல்ல?

திலகா_நெட்
கேமரா நேத்தே மாட்டிட்டாங்க சார்.